பங்குச் சந்தையில் துறைகள் இடம் மாறுவது எப்படி?

2020ஆம் ஆண்டில் நிஃப்டி 50 குறியீட்டெண் சுமார் 15 சதவீதம் ஏறியது. அதே ஆண்டில் மருந்து நிறுவனங்களுக்கான நிஃப்டி பார்மா சுமார் 60 சதவீதம் ஏறியது. பொதுத்துறை வங்கிகளுக்கான நிஃப்டி பிஎஸ்யு பேங்க் சுமார் 30 சதவீதம் இறங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து 2022இல் நிலைமை தலைகீழானது. நிஃப்டி 50 வெறும் 4 சதவீதம் நகர்ந்த அந்த ஆண்டில் பொதுத்துறை வங்கிகள் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறின. மருந்துத் துறை 11 சதவீதம் கீழே போனது. ‘சந்தை ஏறியது’ என்று சொல்லப்படும் ஓர் எண்ணுக்குள் இவ்வளவு எதிரெதிரான ஓட்டங்கள் இருக்கின்றன. பணம் ஒரு துறையிலிருந்து வெளியேறி இன்னொரு துறைக்குப் போகும் இந்த நகர்வுக்குத்தான் துறைச் சுழற்சி, அதாவது செக்டர் ரொட்டேஷன், என்று பெயர்.

இந்த நகர்வு ஒரு பகுதி கணிக்கக்கூடியது, ஒரு பகுதி கணிக்க முடியாதது. கணிக்கக்கூடிய பகுதி பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு தொடர்புடையது. மற்றதற்குச் சந்தை விலையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும் ஒரு முறை உண்டு. அது ஒப்பீட்டு வலிமை, ஆங்கில வழக்கில் ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த்.

ஒரே காற்று, வேறு வேறு பாய்மரங்கள்

பொருளாதாரம் சுருங்குகிறது, மீள்கிறது, வேகமெடுக்கிறது, பிறகு சூடேறி மறுபடி தளர்கிறது. எல்லாத் துறைகளும் இந்த அலையின் மேல்தான் மிதக்கின்றன. ஆனால் எல்லாவற்றின் லாபமும் ஒரே அளவில் ஆடுவதில்லை. அதற்கு முதன்மையான காரணம் நிலைச் செலவு.

ஒரு வாகனத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் விற்பனை. கட்டடம், இயந்திரத் தேய்மானம், நிரந்தர ஊழியர் சம்பளம் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு 50 கோடி. மூலப்பொருள் போன்ற, விற்பனையோடு கூடிக் குறையும் செலவு 40 கோடி. மிச்சம் 10 கோடி லாபம். விற்பனை 20 சதவீதம் கூடி 120 கோடியானால், மாறும் செலவு 48 கோடியாகும். நிலைச் செலவு அதே 50 கோடிதான். லாபம் 22 கோடி. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்கு லாபம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. எதிர்த்திசையிலும் இதே கணக்குதான்: விற்பனை 20 சதவீதம் குறைந்தால் 80 கோடியில் 50ம் 32ம் போக 2 கோடி நஷ்டம். சோப்பு, பற்பசை விற்கும் நிறுவனத்துக்கு இந்த ஆட்டம் கிடையாது. வேலை போனவரும் பல் துலக்குவார். போனஸ் வாங்கியவரும் இரண்டு வேளைக்கு மேல் துலக்கப் போவதில்லை.

வாகனம், வீடு, சிமென்ட், உலோகம், வங்கி ஆகியவை இதனால்தான் சுழற்சித் துறைகள் எனப்படுகின்றன. அன்றாட நுகர்பொருள், மருந்து, மின்சாரம் ஆகியவை தற்காப்புத் துறைகள்.

இரண்டாவது காரணம் வட்டி. பொருளாதாரம் தளரும்போது மத்திய வங்கி வட்டியைக் குறைக்கிறது. கடன் வாங்கி வாங்கப்படும் பொருள்களான வீட்டுக்கும் காருக்கும் மாதத் தவணை குறைகிறது. அவற்றை விற்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் முதலில் மூச்சு விடுகிறார்கள். மீட்சி உறுதிப்பட்ட பிறகுதான் நிறுவனங்கள் புது இயந்திரம், புது மென்பொருள் என்று செலவு செய்யத் துணிகின்றன. ஆகவே மூலதனப் பொருள்களும் தொழில்நுட்பமும் நடுக் கட்டத்தில் வருகின்றன. வளர்ச்சி முற்றி, ஆலைகள் முழுக் கொள்ளளவில் ஓடும்போது கச்சா எண்ணெய்க்கும் உலோகத்துக்கும் தட்டுப்பாடு வருகிறது, விலை ஏறுகிறது. கடைசிக் கட்டத்தின் லாபம் அந்தத் துறைகளுக்கு. அந்த விலையேற்றத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்துகிறது, பொருளாதாரம் தளர்கிறது, பணம் மறுபடி சோப்புக்கும் மருந்துக்கும் ஓடுகிறது.

பங்கு விலை இந்தக் கட்டங்களுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே நகரும். முதலீட்டாளர்கள் இன்றைய லாபத்துக்கு அல்ல, நாளை வரப்போகும் லாபத்துக்கு விலை கொடுக்கிறார்கள். வங்கிப் பங்குகள் பொருளாதாரம் மிக மோசமாக இருக்கும் நேரத்திலேயே திரும்புவது அதனால்தான். அமெரிக்காவில் இந்த வரிசையை ஒரு கடிகார முகப்பு போல வரைந்து பரப்பியவர்களில் சாம் ஸ்டோவல் குறிப்பிடத்தக்கவர். துறை முதலீடு பற்றி 1990களில் அவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு தரகு நிறுவனங்களின் சுவர்களில் எல்லாம் இந்தக் கடிகாரத்தின் ஏதோ ஒரு வடிவம் தொங்கத் தொடங்கியது.

இந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள்

அந்தக் கடிகாரத்தை அப்படியே எடுத்து வந்து மும்பைச் சந்தையில் மாட்டினால் மணி தவறும். இந்திய ஐ.டி. நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் டாலரிலும் யூரோவிலும் வருகிறது. அவை நடப்பது அமெரிக்கப் பொருளாதாரத்தின் மணிப்படி. மருந்து நிறுவனங்களுக்கும் அமெரிக்க ஏற்றுமதி பெரிய பங்கு. உலோகத்தின் விலையைச் சீனாவின் தேவையும் உற்பத்தியும் தீர்மானிக்கின்றன. உள்நாட்டு வட்டிக்கும் வருமானத்துக்கும் நேரடியாகக் கட்டுப்பட்டவை என்று சொல்லத்தக்கவை வங்கி, வாகனம், ரியல் எஸ்டேட், சிமென்ட் போன்ற சில துறைகள்தான். எனவே நிஃப்டிக்குள் குறைந்தது மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. அவை ஒரே நேரத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

2022 இதற்குச் சரியான சாட்சி. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஏறத்தாழ பூஜ்யத்தில் இருந்த வட்டி டிசம்பருக்குள் 4.25 முதல் 4.50 சதவீதம் வரை போனது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி மே மாதத்தில் தொடங்கி, 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக்கியது. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே. விளைவு மட்டும் வேறு.

அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் நிஃப்டி ஐ.டி. அந்த ஆண்டில் சுமார் 26 சதவீதம் இறங்கியது. ரூபாயின் மதிப்பு டாலருக்கு 74 அளவிலிருந்து 82க்கு மேல் சரிந்தது. ரூபாய் சரிந்தால் ஐ.டி.க்குக் கொண்டாட்டம் என்பது பழைய பாடம். அந்தப் பாடம் அவ்வாண்டு உதவவில்லை. மறுபக்கம், வங்கிகளுக்கு வட்டி உயர்வே லாபமாகியது. 2019 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட மாறும் வட்டி வீட்டுக் கடன்களும் சிறுதொழில் கடன்களும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை. ரெப்போ ஏறியதும் கடன் வட்டி சட்டென்று ஏறியது. வைப்புத்தொகைக்குக் கொடுக்கும் வட்டி மெதுவாகத்தான் ஏறியது. நடுவிலிருந்த இடைவெளி வங்கியின் கையில் தங்கியது. அதோடு, 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்த வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 2023 மார்ச்சில் 3.9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சுமையை அதிகம் சுமந்தவை பொதுத்துறை வங்கிகள். அது இறங்கியபோது அதிகம் நிமிர்ந்தவையும் அவையே.

எந்தக் கடிகாரத்திலும் காட்டாத இடையூறுகளும் வரும். 2022 மே 21 அன்று மத்திய அரசு பல உருக்குப் பொருள்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. அடுத்த வர்த்தக நாளில் பெரிய உருக்கு நிறுவனப் பங்குகள் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தன. நவம்பரில் வரி விலக்கப்பட்டது. சுழற்சியின் கடைசிக் கட்டத்தில் உலோகம் லாபம் தரும் என்று நம்பி மே மாதத்தில் வாங்கியவரின் கோட்பாட்டில் தவறில்லை. கோட்பாட்டுக்கு நிதி அமைச்சகத்தைத் தெரியாது, அவ்வளவுதான்.

மணி தெரியாத சிக்கல்

இவற்றை விடப் பெரிய சிக்கல், பொருளாதாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அந்தக் கட்டம் போன பிறகுதான் உறுதியாகத் தெரியும் என்பது. அமெரிக்காவில் மந்தநிலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அறிவிப்பது தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பின் ஒரு குழு. 2007 டிசம்பரில் மந்தம் தொடங்கிவிட்டது என்று அது அறிவித்த நாள் 2008 டிசம்பர் 1. அதற்குள் எஸ் அண்ட் பி 500 தன் உச்சத்திலிருந்து ஏறத்தாழ பாதியாகியிருந்தது. மந்தம் 2009 ஜூனில் முடிந்தது என்று அறிவித்தது 2010 செப்டம்பர் 20 அன்று. சந்தையின் அடிமட்டம் 2009 மார்ச் 9. அறிவிப்பு வந்த நாளில் குறியீட்டெண் அங்கிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இந்தியாவிலும் இதே கதை. 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது என்ற புள்ளிவிவரம் ஆகஸ்ட் 31 அன்று வந்தது. மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்திருந்த நிஃப்டி அந்த நாளில் 11,400ஐ ஒட்டி நின்றது. வரலாறு காணாத வீழ்ச்சியின் எண் வெளியானபோது சந்தை ஏறக்குறைய 50 சதவீதம் மேலே இருந்தது.

சரி, கட்டங்கள் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்துவிட்டால்? ஜேக்கப்சன், ஸ்டாங்கல், விசல்தனச்சோட்டி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 1948 முதல் 2007 வரையிலான அமெரிக்கத் தரவை எடுத்து, ஒவ்வொரு கட்டமும் எப்போது தொடங்கும் என்பதை ஒரு முதலீட்டாளர் பிசகாமல் அறிந்திருந்ததாக வைத்துக்கொண்டார்கள். வழக்கமான கடிகாரத்தின்படி அவர் துறை மாற்றினால் கிடைத்த கூடுதல் லாபம் ஆண்டுக்கு அதிகபட்சம் 2.3 சதவீதம். வாங்கி விற்கும் செலவைக் கழித்து, திருப்பம் ஓரிரு மாதம் தாமதமாகத் தெரிகிறது என்று வைத்தால் அதுவும் கரைந்துவிடுகிறது. தீர்க்கதரிசிக்கே 2.3 என்றால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது கேட்கத் தேவையில்லாத கேள்வி. கடிகாரம் பொய் என்பதல்ல இதன் பொருள். ஒரு துறை ஏன் ஓடுகிறது என்பதை விளக்க அது பயன்படும். எப்போது ஏறி உட்கார வேண்டும் என்று சொல்ல அதனால் முடியாது.

ஓட்டத்தை அளப்பது

ஒப்பீட்டு வலிமை ‘ஏன்’ என்று கேட்பதில்லை. யார் முன்னால் ஓடுகிறார்கள் என்று மட்டும் பார்க்கிறது. கணக்கு மிக எளிது: ஒரு துறைக் குறியீட்டெண்ணைச் சந்தைக் குறியீட்டெண்ணால் வகுக்க வேண்டும். இந்த விகிதத்தை நாள்தோறும் அல்லது வாரந்தோறும் குறித்து வரைந்தால் ஒரு கோடு கிடைக்கும். கோடு ஏறினால் அந்தத் துறை சந்தையை முந்துகிறது. இறங்கினால் பின்தங்குகிறது.

2019 இறுதியில் எல்லா விகிதங்களையும் 100 என்று வைத்து, மேலே சொன்ன மூன்று துறைகளையும் நிஃப்டி 50ஓடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருந்துத் துறையின் விகிதம் 2020 இறுதியில் சுமார் 140. சந்தையை விட நாற்பது சதவீதம் முன்னால் இருந்தது என்று பொருள். 2021 இறுதியில் அது 124 ஆனது, 2022 இறுதியில் 105. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 2021இல் நிஃப்டி பார்மா இறங்கவில்லை. சுமார் 10 சதவீதம் ஏறியது. அந்தப் பங்குகளை வைத்திருந்தவர் லாபத்தைத்தான் பார்த்திருப்பார். ஆனால் நிஃப்டி 24 சதவீதம் ஏறிய ஆண்டு அது. துறை களைத்துவிட்டது என்பதை விலைக்கோடு சொல்வதற்கு முன்பே விகிதக்கோடு சொல்லிவிட்டது. இந்த முறையின் பயன் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

பொதுத்துறை வங்கிகளின் விகிதம் 2020 இறுதியில் 60க்கு விழுந்தது. 2021இல் 70ஆக ஏறியது. அந்த ஆண்டில் அவை நிஃப்டியை முந்தியிருந்தாலும் பழைய இழப்பு பெரிதென்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 2022 இறுதியில் 115. ஐ.டி. துறையோ 135, 173 என்று ஏறி 2022 இறுதியில் 123க்கு இறங்கியது.

இந்த எண்களில் முறையின் குறையும் தெரிகிறது. 2021 டிசம்பர் 31 அன்று, கடந்த ஓராண்டுச் செயல்பாட்டை வைத்து வரிசைப்படுத்தியவரின் பட்டியலில் ஐ.டி. மேலே இருந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பட்டியலைப் பார்ப்பவர் 2022இன் முழு இறக்கத்தையும் அனுபவித்திருப்பார். மாதம் ஒருமுறை பார்த்தவருக்கு, நிஃப்டியை விட ஐ.டி. வேகமாகச் சரிகிறது என்பது சில மாதங்களில் தெரிந்திருக்கும். இழப்பு இருந்திருக்கும், ஆனால் 26 சதவீதம் முழுவதும் அல்ல. பொதுத்துறை வங்கிகளின் பெரும் ஏற்றம் 2022இன் இரண்டாம் பாதியில்தான் நடந்தது. ஆகவே தாமதமாக ஏறியவருக்கும் இடம் இருந்தது. ஒப்பீட்டு வலிமை அடிமட்டத்தில் வாங்கித் தராது, உச்சத்தில் விற்றும் தராது. நடுப்பகுதியைத்தான் தரும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுவது நல்லது. வரைபட மென்பொருள்களில் காணப்படும் ஆர்.எஸ்.ஐ. என்ற அளவு, 1978இல் வெல்ஸ் வைல்டர் உருவாக்கியது. ஒரு பங்கின் அண்மை ஏற்றங்களை அதன் சொந்த இறக்கங்களோடு மட்டும் அது ஒப்பிடும், சந்தையோடு ஒப்பிடாது. பெயரில் ‘ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த்’ இருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை.

பங்குகளை வரிசைப்படுத்துவது

துறைக்குச் செய்ததையே தனிப் பங்குக்கும் செய்யலாம். நிஃப்டி ஓராண்டில் 20,000த்திலிருந்து 22,000த்துக்குப் போனதாகவும், ஒரு பங்கு 400 ரூபாயிலிருந்து 520க்குப் போனதாகவும் கற்பனை செய்துகொள்ளலாம். பங்கு 30 சதவீதம், சந்தை 10 சதவீதம். 1.30ஐ 1.10ஆல் வகுத்தால் 1.18, அதாவது பங்கு சந்தையை 18 சதவீதம் முந்தியிருக்கிறது.

எல்லாப் பங்குகளையும் ஒரே குறியீட்டெண்ணால் வகுக்கும்போது வரிசை மாறுவதில்லை என்பது பலருக்குத் தோன்றாத ஒன்று. எல்லோரின் உயரத்தையும் ஒரே எண்ணால் வகுத்தாலும் நெட்டையானவர் நெட்டையாகவே இருப்பார். பங்குகளை வரிசைப்படுத்த வெறும் ஓராண்டு லாப சதவீதமே போதும். விகிதக்கோடு வேண்டியிருப்பது ஒரு பங்கின் போக்கு காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான்.

விகிதத்துக்கு இன்னொரு பயன் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கலாம். மேலே சொன்ன பங்கு இருக்கும் துறையின் குறியீட்டெண் அதே ஆண்டில் 23.2 சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். துறை சந்தையை 12 சதவீதம் முந்தியது. பங்கு துறையை ஐந்தரை சதவீதம்தான் முந்தியது. 1.12ஐயும் 1.055ஐயும் பெருக்கினால் அதே 1.18. அந்தப் பங்கின் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையதல்ல, துறையினுடையது. துறை திரும்பினால் இதுவும் சேர்ந்து திரும்பும். அமெரிக்கப் பங்குகளில் இப்படிப்பட்ட வலிமையின் பெரும்பகுதி தொழில்துறையிலிருந்தே வருகிறது என்று 1999இல் மாஸ்கோவிட்ஸும் கிரின்பிளாட்டும் காட்டினார்கள். ஏறும் துறையை முதலில் தேர்ந்து, பிறகு அதற்குள் முன்னணியில் இருக்கும் பங்கைத் தேடும் பழக்கத்துக்கு இதுவே நியாயம். தனிப்பங்கு வரிசையை மட்டும் பின்பற்றினால், முதல் பத்தில் ஏழு ஒரே துறையாக வந்து நிற்பதும் இதனால்தான். ஒரு துறையிலிருந்து மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்பது போன்ற வரம்பு அதைத் தடுக்கும்.

நடைமுறையில் வேலை இப்படிப் போகும். முதலில் களத்தை வரையறுக்க வேண்டும். தொடக்கத்துக்கு நிஃப்டி 200இல் உள்ள பங்குகள் போதும். வர்த்தகம் மெலிந்த சின்னப் பங்குகளைச் சேர்த்தால், சில நூறு பங்குகள் கைமாறியதில் அப்பர் சர்க்யூட் அடித்தவை பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு பங்கின் கடந்த 12 மாத லாபத்தையும் கணக்கிட வேண்டும். கடைசி ஒரு மாதத்தை ஆய்வாளர்கள் விட்டுவிடுவது வழக்கம். மிகக் குறுகிய காலத்தில் வேகமாக ஏறியது அடுத்த சில வாரங்களில் கொஞ்சம் பின்வாங்கும் இயல்புடையது என்பதே காரணம். இருநூறையும் வரிசைப்படுத்தியபின், 20ஆம் இடத்தில் இருக்கும் பங்கு 180 பங்குகளை முந்தியிருக்கிறது. அதன் மதிப்பெண் 90. அமெரிக்காவில் வில்லியம் ஓநீல் தன் பத்திரிகையில் 1 முதல் 99 வரை கொடுத்துப் புகழ்பெறச் செய்த மதிப்பெண்ணும் இந்த வகைதான்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழை போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாத விலையை எடுப்பது. 520 ரூபாய்ப் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் விலை 260 ஆகிவிடும். 400க்கு வாங்கியது 260 என்றால் 35 சதவீத இழப்பு என்று கணினி சொல்லும்; முன்னணிப் பங்கு பட்டியலின் அடியில் கிடக்கும். பட்டியலில் ஏதாவது ஒரு நல்ல நிறுவனம் காரணமில்லாமல் பாதாளத்தில் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வாங்க ஒரு கோடு, விற்க வேறொரு கோடு என்று வைத்துக்கொள்வது அடுத்த நுணுக்கம். முதல் 20 இடங்களுக்குள் வந்தால் வாங்கி, 21க்குப் போனதும் விற்றால், 19க்கும் 22க்கும் நடுவே ஊசலாடும் பங்கை மாதாமாதம் வாங்கி விற்க நேரும். 20க்குள் வந்தால் வாங்குவது, 40ஐத் தாண்டி இறங்கினால்தான் விற்பது என்றால் அந்த அலைச்சல் குறையும். இந்தியாவில் இது அழகுக்காகச் சொல்வதல்ல. பங்கை டெலிவரி எடுத்து வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம். ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு வரி 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஆண்டுக்கு 18 சதவீதம் ஈட்டினாலும் எல்லாம் குறுகிய கால லாபமென்றால் வரி போக 14.4தான் கையில் நிற்கும். வாங்கிவிட்டுத் தூங்கிய குறியீட்டெண் நிதி முதலீட்டாளரை இந்த 14.4 வெல்ல வேண்டும்.

இந்த முறைக்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1967இலேயே ராபர்ட் லெவி இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1993இல் நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்குகளைச் சோதித்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் முன்னணியில் இருந்தவற்றை வாங்கி, கடைசியில் இருந்தவற்றை இல்லாமலே விற்று, அடுத்த ஆறு மாதம் வைத்திருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவீத அளவு கிடைத்தது. முதல் ஆண்டுக்குப் பிறகு அந்த லாபத்தில் ஒரு பகுதி திரும்பிப் போனதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி200 மொமென்டம் 30 என்ற குறியீட்டெண் இதே கருத்தில் உருவானது. ஆறு மாத, 12 மாத லாபங்களை விலை ஆட்டத்தால் வகுத்து மதிப்பெண் போட்டு, 30 பங்குகளைத் தேர்ந்து, ஜூனிலும் டிசம்பரிலும் பட்டியலை மாற்றுகிறது.

முறை உடையும் இடம்

ஒப்பீட்டு வலிமை, பெயரே சொல்வதுபோல், ஒப்பீடு மட்டுமே. சந்தை 30 சதவீதம் இறங்கும்போது ஒரு பங்கு 15 சதவீதம் இறங்கினால் அதன் விகிதக்கோடு 21 சதவீதம் ஏறியிருக்கும். பட்டியலில் முதலிடம், கணக்கில் நஷ்டம். இதனால் பலர் இரண்டாவது ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்: பங்கோ சந்தையோ தன் 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால், வரிசை எவ்வளவு மேலே இருந்தாலும் வாங்குவதில்லை. பக்கவாட்டில் அலையும் சந்தையில் இந்த நிபந்தனை பொய்யான சமிக்ஞைகளைத் தரும். இரண்டு மூன்று முறை சின்னச் சின்னதாகச் சூடுபட வைக்கும்.

அதை விட ஆபத்தானது பெருவீழ்ச்சிக்குப் பின் வரும் திருப்பம். ஒரு நீண்ட இறக்கத்தின் முடிவில் பட்டியலின் மேலே இருப்பவை தற்காப்புப் பங்குகள். அடியில் கிடப்பவை கடன் சுமந்த, பிழைக்குமா என்று தெரியாத சுழற்சிப் பங்குகள். துறைக் கடிகாரத்தின்படி மீட்சியில் முதலில் துள்ளி எழுபவை அந்த அடிமட்டத்துப் பங்குகளே. கடிகாரமும் பட்டியலும் நேருக்கு நேர் மோதும் கணம் அது. 2009 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் அமெரிக்கச் சந்தையின் கடைசிப் பத்திலொரு பங்கு வரிசை 163 சதவீதம் ஏறியது. முன்னணிப் பத்திலொரு பங்கு 8 சதவீதம்தான் ஏறியது. டேனியலும் மாஸ்கோவிட்ஸும் இத்தகைய சரிவுகளை 1927 வரை பின்னோக்கித் தேடிப் பார்த்தார்கள். அவை தற்செயலாக வரவில்லை: சந்தை ஏற்கெனவே பெரிதாக விழுந்திருக்க வேண்டும், அன்றாட விலை ஆட்டம் மிக அதிகமாக இருக்க வேண்டும், பிறகு சந்தை சட்டென்று மேலே திரும்ப வேண்டும்.

பங்குகளை வாங்க மட்டும் செய்பவருக்கு இந்தக் கணம் அழிவல்ல. 8 சதவீதமும் லாபம்தான். பின்தங்கியவற்றை இல்லாமலே விற்றிருந்தவருக்குத்தான் அது அழிவு. ஆனால் வாங்கி வைத்திருப்பவரும் அப்போது சந்தையை விட வெகுவாகப் பின்தங்குவார். 12 மாதக் கணக்கில் அந்தத் திருப்பம் ஏறி வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை வரிசை பழைய வெற்றியாளர்களையே காட்டிக்கொண்டிருக்கும். மூன்று மாத, ஆறு மாத வரிசைகளையும் அருகில் வைத்துப் பார்த்தால், நீண்ட கால வரிசையில் அடியில் கிடக்கும் வங்கியும் வாகனமும் குறுகிய கால வரிசையில் மேலேறுவது தெரியும். அந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றுக்கொன்று முரண்படும் மாதங்களில், துறைகள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.